சென்சார் வோல்ட்டை 4–20 மில்லி ஆம்ப் ஆக்க நாலு வழி: எந்தத் தொட்டிக்கு எது?

"வோல்ட் கொடுக்கிற சென்சார் கையில் இருக்கிறது, பேனலில் உள்ள பி.எல்.சி. 4–20 மில்லி ஆம்ப் கேட்கிறது. ஆப்ஆம்ப் வைத்து நானே செய்யட்டுமா, சிப் வாங்கட்டுமா, ரெடிமேட் டப்பா வாங்கி மாட்டிவிடட்டுமா?" இந்தக் கேள்வி மாதம் இரண்டு தடவையாவது என்னிடம் வந்துவிடுகிறது. கேட்பவர்கள் பெரும்பாலும் விலையில் தொடங்குகிறார்கள். நானும் ஒரு காலத்தில் அங்கேதான் தொடங்கினேன், அம்பாசமுத்திரம் பக்கம் ஓர் அரிசி ஆலையில் சூடு பட்ட பிறகுதான் வரிசையை மாற்றிக்கொண்டேன். அந்த ஆலையையே உதாரணமாக வைத்துக்கொள்வோம்.

நெல் ஊறப்போடும் தொட்டிகளுக்குத் தண்ணீர் கொடுக்க ஒரு மேல்நிலைத் தொட்டி. அதன் அடியில் வெளியேறும் குழாயில் ஒரு பிரஷர் சென்சார் மாட்டியிருந்தது. 5 வோல்ட் சப்ளை கொடுத்தால், தொட்டி காலியாக இருக்கும்போது 0.5 வோல்ட், 5 பி.எஸ்.ஐ. அழுத்தத்தில் 4.5 வோல்ட் தரும் வகை. 5 பி.எஸ்.ஐ. என்றால் ஏறக்குறைய 352 சென்டிமீட்டர் தண்ணீர். தொட்டியிலிருந்து பேனலுக்குக் கேபிள் 180 மீட்டர், வழியில் எலிவேட்டர் மோட்டார்களின் வேகத்தை மாற்றும் வி.எஃப்.டி. இரண்டு.

வோல்ட்டை அப்படியே கொண்டு போகலாமே என்று கேட்கலாம். போகலாம், வி.எஃப்.டி. ஓடாத நேரத்தில். ஓடத் தொடங்கியதும் தண்ணீர் மட்டம் திரையில் ஆட்டம் போடும். வோல்ட் சிக்னல் கம்பியில் ஏறும் இரைச்சலையும், இரண்டு முனை எர்த்துக்கும் இடையே உள்ள வித்தியாசத்தையும் தன்னோடு கூட்டிக்கொள்ளும். கரண்ட் சிக்னல் அப்படியில்லை. டிரான்ஸ்மிட்டர் 12 மில்லி ஆம்ப் தள்ளுகிறது என்றால், வழியில் கம்பி எவ்வளவு ஓம் இருந்தாலும் மறுமுனையிலும் 12-தான் வரும், சப்ளை வோல்ட் போதுமானதாக இருக்கும்வரை.

## முதலில் எதையெல்லாம் பார்க்க வேண்டும்

நான் நாலு விஷயம் பார்ப்பேன், இதே வரிசையில்.

முதலாவது, சென்சார் தான் உயிரோடிருக்க எவ்வளவு கரண்ட் தின்கிறது. இரண்டு கம்பி லூப்பில் சப்ளையும் சிக்னலும் ஒரே கம்பியில்தான் ஓடுகின்றன. சிக்னலின் அடிமட்டம் 4 மில்லி ஆம்ப். ஆக சென்சார், டிரான்ஸ்மிட்டர், மற்ற எல்லாம் சேர்ந்து அந்த 4-க்குள்ளேயே குடித்தனம் நடத்த வேண்டும். கொஞ்சம் இடைவெளி விட்டு 3.5-க்குள் என்று வைத்துக்கொள்வது நல்லது.

இரண்டாவது, பி.எல்.சி. இன்புட் எந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறது. பல அனலாக் கார்டுகளில் இன்புட்டின் மைனஸ், 24 வோல்ட் சப்ளையின் மைனஸோடு சேர்ந்தே இருக்கும். அப்படியானால் கரண்ட் மேலிருந்து வந்து இன்புட் வழியாகக் கீழே இறங்க வேண்டும். கரண்டைக் கீழே இழுக்கும் சர்க்யூட் அங்கே செல்லாது.

மூன்றாவது, சென்சார் கம்பி அறுந்தால் பேனலுக்குத் தெரியுமா என்பது. 4-இல் தொடங்குவதன் லாபமே இதுதான்: லூப் கம்பி அறுந்தால் 0 வரும், யாருக்கும் சந்தேகம் வராது. ஆனால் டிரான்ஸ்மிட்டருக்கும் சென்சாருக்கும் நடுவில் உள்ள குட்டிக் கம்பி அறுந்தால் என்ன வரும் என்பதை யாரும் கேட்பதில்லை.

நாலாவது, ஐப்பசி கார்த்திகை. வடகிழக்குப் பருவமழை இடியோடு வரும்போது, உயரத்தில் நிற்கும் தொட்டிக்கும் பேனலுக்கும் இடையே எர்த் மட்டம் ஒன்றாக இருக்காது. சென்சார் உடம்பு சர்க்யூட்டின் மைனஸோடு ஒட்டியிருக்கிறதா என்று மல்டிமீட்டரில் ஒரு பீப் வைத்துப் பார்த்தால் போதும். ஒட்டியிருந்தால் தனிமைப்படுத்தல் பற்றி யோசிக்க வேண்டும்.

விலையும், கையால் சால்டர் செய்ய முடியுமா என்பதும் அதற்குப் பிறகுதான்.

## வழி 1: எல்.எம்.358, ஒரு டிரான்சிஸ்டர், நாலு ரெசிஸ்டர்

ஜங்ஷன் பக்கம் எந்த எலக்ட்ரானிக்ஸ் கடையிலும் எல்.எம்.358 கேட்ட உடனே எடுத்துக் கொடுப்பார்கள், விலை ஒரு டீ வடைக் காசு. சர்க்யூட்டும் எளிது. ரெசிஸ்டரில் விழும் வோல்ட்டைப் பார்த்து, ஆப்ஆம்ப் டிரான்சிஸ்டரைத் திறந்து மூடிக் கரண்டை நிறுத்திவைக்கும்.

சிக்கல் அதை எங்கே வைப்பது என்பதில். அந்த ரெசிஸ்டரைக் கிரவுண்டு பக்கம் வைத்தால் கரண்டைக் கீழே இழுக்கும் சர்க்யூட் ஆகிவிடுகிறது, நம் பி.எல்.சி.க்கு ஒத்துவராது. சரி, 24 வோல்ட் பக்கம் மேலே வைப்போம் என்று பலரும் 100 ஓம் ஒன்றை அங்கே போடுகிறார்கள். 20 மில்லி ஆம்பில் அதில் 2 வோல்ட் விழும், நன்றாக வேலை செய்யும். 4 மில்லி ஆம்பில் விழுவது வெறும் 0.4 வோல்ட். எல்.எம்.358-க்குத் தன் இன்புட் சப்ளையைவிடக் குறைந்தது 1.5 வோல்ட் கீழே இருந்தால்தான் கண் தெரியும். அதாவது இந்தச் சர்க்யூட்டில் 15 மில்லி ஆம்புக்குக் கீழே அது குருடு. தொட்டி நிரம்பியிருக்கும்போது சரியாகக் காட்டி, குறையக் குறையத் தாறுமாறாகப் போனால் காரணம் இதுதான். சப்ளை வரை இன்புட் ஏற்கும் ஆப்ஆம்பாக மாற்றாமல் இது தீராது.

மறைந்திருக்கும் இன்னொரு செலவு வெயில். நம் ஊர்ச் சித்திரையில் தகரப் பெட்டிக்குள் காலைக்கும் மதியத்துக்கும் 25 டிகிரி வித்தியாசம் சாதாரணம். சாதாரண கார்பன் ரெசிஸ்டர் டிகிரிக்கு 500 பி.பி.எம். நகர்ந்தால், மதியத்துக்குள் ஒன்றேகால் சதவீதம் போய்விடும். காலையில் ட்ரிம்பாட் திருகிச் சரிசெய்தவர் மதியம் மறுபடி திருகுவார். மெட்டல் பிலிம் 100 பி.பி.எம். போட்டால் கால் சதவீதத்தில் நிற்கும், விலை வித்தியாசம் சில்லறை.

இந்த வழி எப்போது சரி? பெஞ்சில் கற்றுக்கொள்ள, இன்புட் தனியாக மிதக்கும் டிஸ்ப்ளே மீட்டருக்கு அனுப்ப, கம்பி தூரம் குறைவாக இருக்கும்போது. ஆலையில் நிரந்தரமாக மாட்ட நான் சொல்லமாட்டேன்.

## வழி 2: இரண்டு கம்பிச் சிப் (எக்ஸ்டிஆர் 115, 116)

பார்க்க மிக அழகான வழி இது. நான் அடி வாங்கியதும் இதில்தான்.

சிப்புக்குள் நுழையும் கரண்டை 100 மடங்காக்கி லூப்பில் ஓடவிடும். உள்ளே 5 வோல்ட் ரெகுலேட்டர் இருக்கிறது, சென்சாருக்குச் சப்ளை அதிலிருந்தே எடுத்துக்கொள்ளலாம். தனக்கென்று சிப் தின்பது 0.2 மில்லி ஆம்ப்தான். வெளியே ஒரு என்.பி.என். பவர் டிரான்சிஸ்டர் மட்டும் போட வேண்டும், சூடு அதில்தான் கிளம்பும். நம் 0.5–4.5 வோல்ட் சென்சாருக்குக் கணக்கு இப்படி:

```
I(mA) = 2 + 4 × V
V = 0.5  ->  4 mA
V = 4.5  ->  20 mA
```

சென்சார் வோல்ட் 25 கிலோ ஓம் வழியாகவும், நிரந்தர 2 மில்லி ஆம்புக்காக 5 வோல்ட்டிலிருந்து 250 கிலோ ஓம் வழியாகவும் இன்புட் காலுக்குப் போகும். இதில் ஓர் இலவச லாபமும் உண்டு. இன்புட்டிலிருந்து கிரவுண்டுக்கு ஒரு ரெசிஸ்டர் போட்டுவைத்தால், சென்சார் கம்பி அறுந்ததும் கணக்குப்படி 2 மில்லி ஆம்ப் வரும். 3.6-க்குக் கீழே போனாலே கோளாறு என்று எடுத்துக்கொள்வதுதான் தொழிற்சாலை வழக்கம். ஆக பேனல் அலாரம் அடிக்க வேண்டும்.

வோல்ட் கணக்கும் தாராளம். 24-இல் சிப்புக்கு 7.5, பிளஸ் மைனஸ் மாற்றிக் கொடுத்தாலும் காப்பாற்றும் டையோடு பிரிட்ஜுக்கு 1.4, பி.எல்.சி.யின் 250 ஓமில் 5. கேபிள் 0.5 சதுர மில்லிமீட்டர் என்றால் போக வர 360 மீட்டருக்குச் சுமார் 13 ஓம், அதில் கால் வோல்ட். எல்லாம் போக 9 வோல்ட்டுக்கு மேல் மிச்சம்.

இவ்வளவும் சரியாகப் பார்த்துத்தான் செய்தேன். பெஞ்சில் 4, 8, 12, 16, 20 ஐந்தும் கோடு போட்டது போல வந்தன. மாட்டிவிட்டு வந்து மூன்றாம் நாள் ஆலையிலிருந்து போன்.

"தம்பி, மீட்டர்ல தண்ணி கிடக்குன்னுல்லா காட்டுது. மோட்டார் காத்தைல்லா இழுக்கு!"

"எவ்வளவு காட்டுது அண்ணாச்சி?"

"இருபத்தாறு. காலையில இருந்து அதே இருபத்தாறுதான்."

தொட்டியில் 15 சென்டிமீட்டர் ஆனதும், அதிலிருந்து தண்ணீர் இழுக்கும் பம்ப் நிற்க வேண்டும் என்று வைத்திருந்தேன். அது நிற்கவே இல்லை, காய்ந்து ஓடி மெக்கானிக்கல் சீல் போய்விட்டது. போய் லூப்பில் மீட்டரைச் சேர்த்துப் பார்த்தால் 5.2 மில்லி ஆம்ப். தொட்டி சுத்தமாகக் காலி, ஆனாலும் 5.2. பிறகு சென்சாரின் 5 வோல்ட் கம்பியில் மீட்டரைச் சேர்த்தேன்: 5 மில்லி ஆம்ப். அதோடு சிப்பின் 0.2. கணக்கு முடிந்தது.

சென்சாரே 5 தின்னும்போது, லூப் எப்படி 4-க்கு இறங்கும்? சிப் 4-தான் வேண்டும் என்று வெளி டிரான்சிஸ்டரை முழுக்க மூடிவிட்டது, ஆனால் சென்சார் குடிக்கும் கரண்ட் அதே லூப் வழியாகத்தான் போகிறது. 4-க்கு மேல் 1.2 மில்லி ஆம்ப் அதிகம் என்றால் 16-இல் ஏழரை சதவீதம், 352 சென்டிமீட்டரில் 26 சென்டிமீட்டர். தொட்டியின் அடி 26 சென்டிமீட்டர் பேனலுக்குக் கண்ணிலேயே படவில்லை. சென்சார் கம்பி அறுந்தால் 2 வரும் என்றேனே, அதுவும் ஏட்டளவில்தான். சென்சாருக்குப் போகும் சிக்னல் கம்பி மட்டும் அறுந்து சப்ளை கம்பி தப்பித்தால், அப்போதும் 5.2-தான்.

பெஞ்சில் ஏன் தெரியவில்லை என்று கேட்பீர்கள். பெஞ்சில் சென்சாரையே மாட்டவில்லை. ஒரு பொட்டென்ஷியோமீட்டரில் வோல்ட்டைத் திருப்பிக் கொடுத்தேன், அதற்கான சப்ளை தனி. சோதித்தது என் கணக்கை மட்டும்தான்.

அடையாளம் கண்டுபிடிப்பது எளிது: மேல் பகுதி மிகச் சரியாகவும், கீழே வந்ததும் ஒரே எண்ணில் ஒட்டிக்கொண்டும் நின்றால், லூப்பின் பட்ஜெட் மீறியிருக்கிறது. ட்ரிம்பாட்டைத் தொடாதீர்கள். தொட்டால் நன்றாக இருக்கும் மேல் பகுதியும் கெட்டுப்போகும்.

இந்த வழி தோற்றது என் சென்சாருக்கு மட்டுமே. 1 மில்லி ஆம்பில் ஓடும் சென்சார் என்றால் இதைவிட நல்லது இல்லை. வெந்நீரின் சூட்டைப் பார்க்க எல்.எம்.35 வைக்கிறீர்களா, அது தின்பது 0.1-க்கும் குறைவு, அதன் சிக்னலைப் பெருக்கும் ஆப்ஆம்பும் சிக்கனமானதாக இருந்தால் தைரியமாக இறங்கலாம். ஏற்கெனவே புதைத்த கேபிளில் இரண்டே கம்பிதான் இருக்கிறது என்றாலும் வேறு வழி தேட வேண்டாம்.

## வழி 3: மூன்று கம்பிச் சிப் (எக்ஸ்டிஆர் 111)

24 வோல்ட் ஒரு கம்பி, மைனஸ் ஒரு கம்பி, கரண்ட் சிக்னல் ஒரு கம்பி. சென்சார் தின்பது தனிக் கம்பியில் திரும்பிப் போய்விடும், சிக்னலில் கலக்காது. 5 தின்றாலும் 15 தின்றாலும் கவலையில்லை. கரண்டை மேலிருந்து தள்ளும் சிப் என்பதால் பி.எல்.சி. இன்புட்டின் மைனஸ் கிரவுண்டில் இருந்தாலும் ஒத்துப்போகும்.

இதன் கணக்கு இன்னும் எளிது. உள்ளே வரும் வோல்ட்டை ஒரே ரெசிஸ்டரால் வகுத்து 10-ஆல் பெருக்கும். 4.5 வோல்ட்டுக்கு 20 மில்லி ஆம்ப் வேண்டும் என்றால் 2250 ஓம். அப்போது 0.5 வோல்ட்டுக்கு 2.22 மில்லி ஆம்ப் வரும். "4 வரவில்லையே" என்று பயப்பட வேண்டாம். பி.எல்.சி. சேனலை 0–20 என்று மாற்றிவிட்டு, கணக்கை அங்கே முடித்துக்கொள்ளலாம்:

```
h_cm = (I_mA - 2.22) / 17.78 * 352
```

4-ஐப் பிடிக்கத் தனியாக ஒரு கூட்டல் சர்க்யூட், இரண்டு ட்ரிம்பாட் எல்லாம் மிச்சம். சென்சாரே 0.5-இல் தொடங்குவதால் அறுந்த கம்பியும் தெரிந்துவிடும்: இன்புட்டில் கிரவுண்டுக்கு ஒரு ரெசிஸ்டர் இருந்தால் சென்சார் கம்பி போனால் 0, லூப் கம்பி போனாலும் 0. 1 மில்லி ஆம்புக்குக் கீழே வந்தால் பம்பை நிறுத்து என்று ஒரு வரி போதும். ஆனால் அந்தக் கார்டை வேறொருவர் பின்னால் 4–20 என்று மாற்றிவிட்டால் எல்லாம் குழம்பும், ஆகவே பேனல் கதவின் உள்பக்கம் எழுதி ஒட்டிவிடுங்கள்.

மறைந்திருக்கும் செலவு சிப்பின் உருவம். கால்களுக்கு இடையே அரை மில்லிமீட்டர்தான், அடியில் சூடு இறங்க ஒரு பட்டை வேறு. சாதாரண சால்டரிங் அயனோடு போராட வேண்டும், இல்லையென்றால் ஏற்கெனவே பொருத்திய குட்டி போர்டாக வாங்க வேண்டும். கையால் சால்டர் செய்வதுதான் முக்கியம் என்றால் பழைய எக்ஸ்டிஆர் 110 இருக்கிறது. பதினாறு பெரிய கால்கள், சாக்கெட்டிலேயே உட்காரும், ஆனால் 13.5 வோல்ட்டாவது சப்ளை வேண்டும். இரண்டுக்குமே வெளியே ஒரு பி-சேனல் மாஸ்ஃபெட் தேவை. சென்சாருக்கு 5 வோல்ட் தர 78எல்05 ஒன்று. கடையில் அன்றே கிடைப்பது அது மட்டும்தான், சிப்புகளுக்குக் கூரியருக்குக் காத்திருக்க வேண்டும்.

## வழி 4: ரெடிமேட் ஐசலேட்டர் டப்பா

பேனல் ரயிலில் மாட்டும் டப்பா. வோல்ட் உள்ளே, கரண்ட் வெளியே, நடுவில் மின்தொடர்பே இல்லை. மேலே உள்ள சிப்புகளில் எதற்கும் இந்தக் குணம் கிடையாது. சென்சார் உடம்பு மைனஸோடு ஒட்டியிருந்தால், அல்லது மழைக்காலத்தில் ஒரு கார்டு ஏற்கெனவே போயிருந்தால், யோசிக்காமல் இதற்கே போங்கள்.

ஆனால் நான் பார்த்த பத்துப் பேனலில் பாதியில் டப்பா தப்பான முனையில் இருக்கிறது. ரயில் பேனலுக்குள் இருப்பதால் டப்பாவையும் அங்கேயே மாட்டிவிடுகிறார்கள். அப்புறம் 180 மீட்டரும் வோல்ட்தான் பயணம் செய்கிறது, இரைச்சல் எல்லாம் டப்பாவுக்குள் நுழைந்து சுத்தமான 4–20-ஆக வெளியே வருகிறது. டப்பா சென்சார் பக்கம் இருக்க வேண்டும். அப்படியானால் அங்கே மழை புகாத பெட்டி, 24 வோல்ட், அதற்குக் கம்பி எல்லாம் செலவில் சேரும்.

இன்னொன்று: பல டப்பாக்கள் கரண்டைத் தாமே தள்ளும். பேனலில் உள்ள இண்டிகேட்டரும் லூப்புக்குத் தானே 24 வோல்ட் கொடுக்கும் வகையாக இருந்தால் இரண்டும் மோதும். வாங்கும்முன் இரண்டின் வயரிங் படத்தையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

## பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்

| | எல்.எம்.358 | எக்ஸ்டிஆர் 115 | எக்ஸ்டிஆர் 111 | டப்பா |
|---|---|---|---|---|
| கம்பி | 3 | 2 | 3 | சப்ளை தனி |
| சென்சார் கரண்ட் | தடையில்லை | 3.5 மில்லி ஆம்புக்குள் | தடையில்லை | தடையில்லை |
| கிரவுண்டில் உள்ள இன்புட் | சிரமம் | சரி | சரி | சரி |
| எர்த் தனிமை | இல்லை | இல்லை | இல்லை | உண்டு |
| மறைந்த செலவு | வெயில், ட்ரிம்பாட் | லூப் பட்ஜெட் | சால்டரிங் | பெட்டி, இடம் |

ஐந்தாவது வழி ஒன்றும் உண்டு, யாரும் கேட்காததால் கடைசியில் சொல்கிறேன். சென்சார் இன்னும் வாங்கவில்லை என்றால் 4–20 வெளியீடு உள்ள சென்சாராகவே வாங்கிவிடுங்கள். இந்தக் கட்டுரை முழுவதும் வோல்ட் சென்சார் ஏற்கெனவே கையில் இருப்பவருக்குத்தான். தொட்டி ஒன்றே ஒன்று என்றால், சிப், பெட்டி, உங்கள் இரண்டு நாள் எல்லாம் கூட்டிப் பார்த்தால் விலை வித்தியாசம் பெரிதாக இருக்காது. பத்துத் தொட்டி என்றால் சிப் வழி ஜெயிக்கும்.

அண்ணாச்சி ஆலையில் இறுதியில் எக்ஸ்டிஆர் 111 தான் மாட்டினேன். முதலில் இழுத்த கேபிள் நாலு கோர், இரண்டு சும்மாவே கிடந்தன, அதனால் புதுக்கம்பி செலவில்லை. சென்சார் உடம்பு மைனஸோடு ஒட்டவில்லை என்பதையும் பார்த்துக்கொண்டேன். இந்தத் தடவை சென்சாரையே மாட்டி, தொட்டியைக் காலியாக்கி மீட்டரில் 2.2 பார்த்தேன். சிக்னல் கம்பியைக் கழற்றி 0 பார்த்தேன், பம்ப் நின்றது. புது சீலுக்கான காசை என் கூலியில் கழித்துக்கொண்டார்கள்.